ஒரு மெஷின், மூன்று வகை வேலை: வெள்ளவத்தை மச்சாளின் கணக்குக் கொப்பி

"வீட்டில தையல் மெஷின் ஒன்று சும்மா கிடக்குது, அதை வைத்து மாதம் எவ்வளவு உழைக்கலாம்?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு விலைப் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது. பிளவுஸுக்கு இவ்வளவு, கால்சட்டை கட்டையாக்க இவ்வளவு, யூனிபோர்முக்கு இவ்வளவு என்று. அந்தப் பட்டியலை வைத்து வருமானத்தைக் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும், ஏனென்றால் மூவாயிரம் ரூபா வாங்கும் சட்டை முந்நூற்றைம்பது ரூபா வாங்கும் வேலையை விட ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைத்துத் தருவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். அதை நான் தெரிந்துகொண்டது என் மச்சாளின் கொப்பியைப் பார்த்துத்தான்.

மச்சாள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில். வாடகை வீடு. முன் அறை ஜன்னலோரம் ஒரு சாதாரண வீட்டு மெஷின், நேர்த்தையலும் சிக்சாக்கும் போடும். பக்கத்தில் அயர்ன் மேசை, வெட்டுவதற்குச் சாப்பாட்டு மேசை. ஆரம்பத்தில் அவரும் வந்த வேலை எல்லாவற்றையும் எடுத்தார். இரவு பதினொரு மணி வரை மெஷின் ஓடியது, மாதக் கடைசியில் கையில் நின்ற காசு அந்த உழைப்புக்குக் காணவில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நிமிடத்தை எழுதத் தொடங்கினார். மெஷின் ஓடிய நேரத்தை மட்டுமல்ல. ஆள் வாசலுக்கு வந்ததிலிருந்து அளவு எடுத்தது, கதைத்தது, வெட்டியது, தைத்தது, அயர்ன் பண்ணியது, திரும்பக் கொடுத்தது வரை எல்லாம் சேர்த்து. வாங்கிய காசில் நூல், ஹூக், லைனிங் போன்ற செலவைக் கழித்து, மிச்சத்தை அந்த நேரத்தால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பது வந்துவிடும். கீழே வரும் ரூபாக் கணக்கு எல்லாம் அவருடைய கொப்பியில் இருப்பவை. வேறு ஏரியாவில் விலை வேறாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை மாறாது.

முதலில் ஒல்டரேஷன். ஒபிஸ் கால்சட்டை ஒன்றைக் கட்டையாக்க மச்சாள் வாங்குவது 350 ரூபா. வாசலில் கதைக்கும் நேரத்தோடு 20 நிமிடம், நூலுக்குப் பத்து ரூபா கூடப் போகாது. ஆகவே மணிக்கு ஆயிரம் ரூபாவுக்குக் கிட்ட வருகிறது. ஜீன்ஸ் என்றால் 500. ஜீன்ஸில் கொம்பனி போட்ட அடி மடிப்பு அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் பொடியன்கள் கேட்பார்கள், அதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு அங்குலம் குறைக்க வேண்டுமென்றால் அதில் பாதி, ஒரு அங்குலம், பழைய மடிப்பின் தையல் முடிகிற இடத்திலிருந்து மேலே அளந்து அந்த இடத்தில் மடித்து, பழைய மடிப்பை ஒட்டியபடி சுற்றிவரத் தைக்க வேண்டும். பிறகு உள்ளே வந்த துணியை அரை அங்குலம் விட்டு வெட்டி, ஓரம் அடித்து, கீழே திருப்பி அயர்ன் பண்ணினால் தைத்த கோடு மடிப்புக்குள் மறைந்துவிடும். 16ஆம் நம்பர் ஊசி போட வேண்டும். பக்கத் தையல் தடிப்பாக வரும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அந்த இடத்தில் மட்டும் மெஷின் சில்லைக் கையால் சுற்றிக் கடத்த வேண்டும். அவசரப்பட்டு ஓட விட்டால் ஊசி அங்கேதான் முறியும்.

ஒல்டரேஷனில் ஏமாறுகிற இடம் தையல் இல்லை, அளவு. "அக்கா, ரெண்டு அங்குலம் வெட்டுங்கோ" என்று வீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார்கள். மச்சாள் அதை ஏற்பதில்லை. போடப் போகும் சப்பாத்தோடு வந்து, உடுப்பைப் போட்டு நிற்கச் சொல்லி, ஊசி குத்தித்தான் அளவு எடுப்பார். புதிய பருத்திக் கால்சட்டை என்றால் ஒருக்காத் தோய்த்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார், இல்லாவிட்டால் வெட்டிய பிறகு தண்ணீர் பட்டு இன்னும் கட்டையாகி, பழி இவர் மேல் விழும். சிப் மாற்றுவது பரவாயில்லை. லைனிங் உள்ள கோட், மணி வைத்த கவுண், முழுச் சட்டையையும் கழற்றி ஒடுக்க வேண்டிய வேலை, இவற்றை அவர் எடுப்பதே இல்லை. பிரிக்கும் நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள், அது நியாயமாகவே வாங்க முடியாத காசு என்பது அவருடைய கணக்கு, என்னுடையதும்.

ஒல்டரேஷனுக்கு உள்ள எல்லை ஒன்றுதான். மணிக் கணக்குக்கு நல்லது, ஆனால் வேலை துளித்துளியாகத்தான் வரும். ஒரு நாள் ஆறு, ஒரு நாள் ஒன்று. அன்றாடச் செலவுக்குக் கைக்காசு தருமே தவிர வீட்டு வாடகைக்கு நம்ப முடியாது. அங்கேதான் பிளவுஸ் வருகிறது.

பிளவுஸ் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது கலியாண பிளவுஸ். லைனிங், பைப்பிங், முதுகில் ஆழமான கழுத்து, கயிறு, குஞ்சம். மச்சாள் அதற்கு முதலில் 3,000 ரூபா வாங்கினார். லைனிங், கப், ஹூக், நூல் எல்லாம் சேர்ந்து 700 ரூபா போகும். மிச்சம் 2,300. நேரம்? வெட்டித் தைக்க மூன்றரை மணித்தியாலம், படங்களைக் காட்டிக் கதைக்கவும் போட்டுப் பார்க்கவும் இன்னும் அரை மணி. ஆகவே மணிக்கு 575 ரூபா. பிழை திருத்த ஒரு மணி நேரம் போனால் 460. அதே நேரத்தில் ஒரு டீச்சருக்கு லைனிங் இல்லாமல் தைத்த சாதாரண பருத்தி பிளவுஸைப் பாருங்கள். 1,400 ரூபா, ஹூக்குக்கும் நூலுக்கும் 60 ரூபா, ஒன்றரை மணித்தியாலம். மணிக்கு 890 ரூபாவுக்குச் சற்று மேல். ஒரே அளவில் நாலு துணியை அடுக்கி ஒன்றாக வெட்டினால் ஒரு பிளவுஸுக்கு 75 நிமிடம்தான் வருகிறது, அப்போது மணிக்கு 1,070.

இங்கே பாடசாலைக்குச் சாரி கட்டிப் போகும் டீச்சர்மார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். அவர்களுக்குக் கிழமையில் ஐந்து நாள் பிளவுஸ் வேண்டும், வியர்வையில் கக்கப் பக்கம் நைந்து போகும், ஒரு தவணைக்கு நாலைந்து துணியோடு வருவார்கள், படம் காட்ட மாட்டார்கள். "முந்தித் தைச்சது மாதிரியே" என்று ஒரே வார்த்தை. மச்சாளின் வாடகையைக் கட்டுவது கலியாண வீடு இல்லை, இந்த டீச்சர்மார். கலியாண பிளவுஸை அவர் விட்டுவிடவில்லை, விலையை 4,000 ஆக்கி, பாதிக் காசை முன்பணமாகக் கேட்கத் தொடங்கினார். சிலர் வராமல் போனார்கள். வந்தவர்களிடம் இப்போது மணிக்கு 825 நிற்கிறது.

ஆனால் ஒரு டீச்சர் நாலு துணி தருவது முதல் பிளவுஸ் சரியாக இருந்தால்தான். ஒரே அளவில் நாலையும் வெட்டிவிட்டு அளவு பிழைத்தால் நாலும் பிழை. ஆகவே புதிய ஆள் வந்தால் மச்சாள் செய்வதைக் கிட்ட நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

வந்தவர் ஒரு அளவு பிளவுஸைக் கொடுத்து, "அக்கா, இது போன வருஷம் தைச்சது, இதே அளவுதான்" என்றார். மச்சாள் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நாடாவைத்தான் எடுத்தார். அளவு பிளவுஸை மட்டும் நம்புவதில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. ஒரு வருடத்தில் உடம்பு மாறியிருக்கும், பழைய பிளவுஸை இறுக்கமாகவே போட்டுப் பழகியிருப்பார்கள். இன்னொன்று, அந்த பிளவுஸ் இழுபடும் துணியாக இருக்கலாம். இழுபடும் துணியில் 35 அங்குலம் சுகமாக இருக்கும், அதே 35ஐ இழுபடாத பருத்தியில் தைத்தால் ஹூக் பூட்ட வராது. ஆகவே உடம்பில் மார்பளவு, மார்புக்குக் கீழ் அளவு, தோள், கைச் சுற்று எல்லாம் எடுத்தார். அதில் பலர் விட்டுவிடும் ஒன்றைக் கட்டாயம் எடுத்தார், தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள நீளம். ஒரே 36 அளவுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு அது ஒன்பதரை அங்குலம், மற்றவருக்குப் பத்தேமுக்கால் இருக்கும். மார்பு வளைவுக்காகத் துணியில் பிடிக்கும் கூரான மடிப்பு, அதாவது டாட், எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அதற்குப் பிறகே அளவு பிளவுஸை விரித்துப் போட்டு, கழுத்து ஆழத்தையும் கை நீளத்தையும் எடுத்தார். இந்த இரண்டும் ஆளின் விருப்பம், உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாதவை.

36 அளந்தால் தைத்து முடிந்த பிளவுஸ் 37இலிருந்து 37½ வரை இருக்க வேண்டும், மூச்சு விடவும் கை தூக்கவும். பக்கத் தையலுக்கு உள்ளே இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் விடுவார். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அரை அங்குலம் விட்டுத் தைப்பவர்களிடம் பிளவுஸ் இறுகினால் திருத்த வழியே கிடையாது, துணிக்கு நட்டஈடுதான். புதிய ஆளுக்குப் பக்கத் தையலை முதலில் பெரிய தையலில் ஓட்டி, போட்டுப் பார்க்கக் கூப்பிடுவார். இழுத்தால் ஒரே நூலாக உருவி வரும்.

"டீச்சர், கரும்பலகையில எழுதிற மாதிரி ஒருக்காக் கையைத் தூக்குங்கோ."

அதில் முழு பிளவுஸும் மேலே ஏறினால் கைக்குழி ஆழம் கூடிப்போயிற்று என்று அர்த்தம். கையை நீட்டமாக்குவதோ அகலமாக்குவதோ அதற்கு மருந்தில்லை, கைக்குழியைக் கக்கத்தோடு ஒட்ட மேலே ஏற்ற வேண்டும். மார்பு முனையிலிருந்து கக்கத்தை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் விழுந்தால் முன்பக்கம் இறுக்கம், அல்லது டாட் முனை இடம் தவறியிருக்கிறது. முன் கழுத்து வாயைப் பிளந்து நின்றால் கழுத்து ஆழத்தைக் குறை சொல்லக் கூடாது, கழுத்து அகலம் கூடித் தோள் சறுக்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடப் பரிசோதனை ஒரு முறைதான். சரியான அளவு வந்ததும் அதைத் தடித்த தாளில் வெட்டிப் பெயர் எழுதி ஆணியில் தொங்கவிடுவார். அடுத்த முறை டீச்சர் துணியை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம், அந்த 75 நிமிடக் கணக்கு வருவதே அந்தத் தாளால்தான்.

லைனிங் பற்றி ஒன்று மட்டும். பருத்தி லைனிங்கை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அயர்ன் பண்ணித்தான் வெட்ட வேண்டும். அதைச் செய்யாத பிளவுஸ் கொடுக்கிற அன்றைக்கு அழகாக இருக்கும், முதல் தோய்ப்பில் லைனிங் சுருங்கி மேல் துணி பொங்கி நிற்கும். ஆள் சண்டைக்கு வராது, பேசாமல் வேறு இடம் போய்விடும்.

இனி யூனிபோர்ம். அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுப்பது 1993இல் தொடங்கியது. அதனால் வெள்ளைச் சீருடைக்குப் பெற்றோர் பலர் துணியோடுதான் வருவார்கள், தைப்பவருக்கு முதல் போட வேண்டிய தேவை இல்லை, கூலி மட்டும். இது நல்ல வசதி. ஆனால் துணி கையில் வந்ததும் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. மூலையில் பத்து அங்குலச் சதுரம் ஒன்றைப் பென்சிலால் குறித்து, நனைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணி அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிடும். கால் அங்குலம் குறைந்தாலே முழு நீளத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும் என்பதால் துணி முழுவதையும் நனைத்தெடுத்த பிறகே வெட்டுவார்.

பெட்டிப் பிளீட் வைத்த பாவாடைக்கு இடுப்பளவைப் போல மூன்று மடங்கு துணி வேண்டும். இடுப்பு 24 என்றால் 72 அங்குலம், தையலுக்கு மேலதிகம் வேறு. 45 அங்குல அகலத் துணியில் அது இரண்டு துண்டு. உயரமான பிள்ளைக்குத் துணி காணாது என்றால் அதைத் தாயிடம் வெட்டுவதற்கு முன்னமே சொல்லி, பிளீட்டின் உள்மடிப்பைக் குறைக்கவா, வேறு துணி வாங்கி வருகிறீர்களா என்று கேட்டுவிட வேண்டும். அடி மடிப்பு மூன்று அங்குலம், வளர வளர இறக்கிக்கொள்ள. வெள்ளையில் பழைய மடிப்பின் கோடு சில தோய்ப்பில் மறைந்துவிடும். வெள்ளை தைக்கத் தொடங்கும் முன் மெஷினைத் துடைத்து, கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார், எண்ணெய் ஊசிக்கம்பி வழியாக இறங்கி ஒரு துளி பட்டால் போதும். நீலச் சோக்கும் வேண்டாம், சில துணியில் அயர்ன் பட்டதும் அப்படியே பிடித்துவிடும்.

மொத்த ஓடர் என்பது வேறு கதை. ஒரு முன்பள்ளி 30 கவுண் கேட்டது, கட்டம் போட்ட துணியில், ஒன்று 1,700 ரூபா. வெளியில் பார்த்தால் 51,000 ரூபா. மச்சாள் முதலில் செய்தது புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ் ஏறியதல்ல, முன்பள்ளிக்குப் போய் முப்பது பிள்ளைகளையும் அளந்தது. "நாலு வயது" என்று ஒரு அளவு கிடையாது, ஒரே வகுப்பில் மார்பு 21 அங்குலமும் இருக்கும் 25உம் இருக்கும். அளந்து மூன்று அளவாகப் பிரித்தார். அதற்குப் பிறகே கெய்சர் வீதிப் பக்கம் துணிக்கு. முப்பதுக்கும் தேவையான துணியை ஒரே றோலில் வெட்டி வாங்க வேண்டும். அதே டிசைன், அதே கொம்பனி என்றாலும் வேறு றோலில் நிறம் ஒரு இழை மாறும், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அது பளிச்சென்று தெரியும். பிறகு சேரும் பிள்ளைகளுக்காக இரண்டு கவுணுக்குத் துணி கூடவே வாங்கி வைத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கலாம்.

ஒரு கவுணுக்குத் துணி 585, பட்டன், நூல், ஓரம் அடிக்கும் கூலி எல்லாம் 150, ஆக 735. முப்பதுக்கு 22,050. போக்குவரத்து 1,500. மிச்சம் 27,450. ஒவ்வொரு கவுணையும் முழுதாக முடித்து அடுத்ததைத் தொடங்கினால் 75 நிமிடம் பிடிக்கும். அவர் செய்தது வேறு. ஒரு அளவில் பத்தையும் அடுக்கி வெட்டி, தோள் பத்தும் ஒரே மூச்சில், பிறகு கழுத்து பத்தும், பிறகு கை பத்தும், நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார். ஒரு கவுணுக்கு 50 நிமிடம் வந்தது. முப்பதுக்கு 25 மணித்தியாலம், மணிக்கு 1,098 ரூபா. ஆனால் ஒவ்வொரு அளவிலும் முதல் கவுணை மட்டும் முழுதாகத் தைத்து ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்த்த பிறகே மற்றதை அடுக்கினார். தலை நுழையாத கழுத்தைப் பத்துத் தடவை தைத்துவிட்டுக் கண்டுபிடிப்பதைப் போல நட்டம் வேறில்லை.

மொத்த ஓடரில் ஆபத்து காசு வரும் விதத்தில் இருக்கிறது. பாதி முன்பணம் 25,500, அது பொருட்செலவு முழுவதையும் மூடிவிட்டது. முன்பணம் பொருட்செலவை மூடாத ஓடரை எடுத்தால், தைப்பவர் தன் சொந்தக் காசை மற்றவருக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்றுதான் பொருள். மீதிக் காசு பெற்றோரிடம் சேர்ந்து வர ஒரு மாதத்துக்கு மேல் இழுபட்டது. அதனால் இப்போது அவர் பத்துப் பத்தாகக் கொடுத்து, கொடுத்த பத்துக்குக் காசு வந்த பிறகுதான் அடுத்த பத்தை அனுப்புகிறார்.

காலமும் ஒரு பொருள். பாடசாலை முதல் தவணை 2024இல் பெப்ரவரி 19, 2025இல் ஜனவரி 27 என்று தள்ளித் தள்ளித் தொடங்கியது. திகதி எப்படி அறிவிக்கப்பட்டாலும் பெற்றோர் வருவது கடைசி இரண்டு கிழமையில். அதற்குள் தைப்பொங்கல் பிளவுஸும் வந்து முட்டும். மச்சாள் டிசம்பர் நடுப்பகுதியோடு புதிய பிளவுஸ் எடுப்பதை நிறுத்திவிடுவார், நவம்பரிலேயே துணி கொண்டுவரும் தாய்மாருக்கு யூனிபோர்மில் 150 ரூபா குறைப்பார். அந்தக் குறைப்பு நட்டம் இல்லை, அளவு எடுத்த துணி கையில் சேரச் சேர அடுக்கி வெட்ட முடிகிறது.

இவ்வளவும் ஓடிய பிறகுதான் அவர் இரண்டாவது மெஷினைப் பற்றி யோசித்தார். கேட்டவர்கள் எல்லாரும் ஜுக்கி போன்ற வேகமான நேர்த்தையல் மெஷின் வாங்கச் சொன்னார்கள். கொப்பி சொன்னது வேறு. அதுவரை துணி ஓரம் அடிக்க ஒழுங்கை முனைக் கடைக்குக் கொண்டுபோய் ஒன்றுக்கு 60 ரூபா கொடுத்து வந்தார், மாதம் 90 உடுப்பு வரை, அதாவது 5,400 ரூபா, போய் வரும் நேரம் தனி. பழைய மூன்று நூல் ஓவர்லொக் ஒன்று 65,000க்கு வந்தது. கிட்டத்தட்டப் பன்னிரண்டு மாதக் கூலியில் அது தன் விலையைக் கட்டிவிடும், வேகமான நேர்த்தையல் மெஷினுக்கு அப்படி ஒரு கணக்குக் காட்ட முடியவில்லை, ஏனென்றால் அவருடைய நேரம் அளவிலும் வெட்டிலும் அயர்னிலும்தான் போகிறது. வாங்கப் போனபோது மெல்லிய வொயில் துண்டு ஒன்றையும் ஜீன்ஸ் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோய், இரண்டிலும் ஓட்டி, வொயில் சுருங்காமலும் ஜீன்ஸில் தையல் விடாமலும் வந்த பிறகே காசைக் கொடுத்தார்.